மழை ஜாக்கெட்டைத் துவைக்கலாமா?

கேள்வி: என் பழைய மழை ஜாக்கெட்டில் பல வருஷம் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. புதிதாக வாங்கியதில் ‘ஃப்ளோரின் இல்லாதது’ என்று போட்டிருக்கிறது. சில மாதத்திலேயே காலரும் தோள்பட்டையும் ஈரத்தில் கறுத்துப்போகின்றன. பூச்சு போய்விடுமே என்று துவைக்கவும் இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாறவில்லை. துவைக்காமல் விட்டதுதான் வினை.

பழைய ஃப்ளோரின் பூச்சு தண்ணீரோடு எண்ணெயையும் ஒட்டவிடாது. அந்த வேதிப்பொருள்கள் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடுவதால்தான் அவற்றைக் கைவிடுகிறார்கள். இப்போது வருகிற மெழுகு, சிலிகான் வகைகள் தண்ணீரை நன்றாகவே விரட்டும். எண்ணெயிடம்தான் தோற்றுப்போகும். கழுத்து வியர்வை, சன்ஸ்கிரீன், தலைமுடி எண்ணெய் எல்லாம் துணியில் ஏறி, அதன்மேல் தூசும் படிந்தால், தண்ணீர் அந்த அழுக்கைப் பிடித்துக்கொண்டு துணிக்குள் இறங்கிவிடும். உள்ளே இருக்கும் நீர்புகாப் படலம் அப்போதும் மழையைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் மேல்துணி ஊறிவிட்டால் வியர்வை ஆவி வெளியேற வழியில்லை. அது உள்ளேயே நீராகிப் பிசுபிசுக்கும்போது ஜாக்கெட் ஒழுகுகிறது என்று நினைத்துவிடுகிறோம்.

முதலில் துவையுங்கள். உள்ளே தைத்திருக்கும் லேபிளில் உள்ள வெப்ப அளவைத் தாண்ட வேண்டாம். பெரும்பாலும் 30 டிகிரி இருக்கும். ஜிப்பை மூடி, மென்மையான சுழற்சியில் போடுங்கள். இந்த மாதிரித் துணிகளுக்கென்றே விற்கும் திரவ சோப்பு நல்லது. ஃபேப்ரிக் கண்டிஷனர் கூடவே கூடாது, அது துணிமேல் ஒரு படிவை விட்டுப்போகும். சோப்பு மிச்சமும் தண்ணீரை இழுக்கும் என்பதால் இரண்டு முறை அலசுங்கள். ப்ரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். காய்ந்த பிறகு, லேபிள் அனுமதித்தால், ட்ரையரில் குறைந்த சூட்டில் 20 நிமிடம் ஓடவிடுங்கள். சூடு பட்டால் களைத்துக் கிடக்கும் பூச்சு ஓரளவு மீளும்.

அப்புறம் காலரிலும் தோள்பட்டையிலும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். காலரில் துளிகள் உருண்டால் அங்கே இருந்தது வெறும் அழுக்கு. தோள்பட்டை மட்டும் மறுபடி கறுத்தால், பை வார் உரசி உரசிப் பூச்சே தேய்ந்துவிட்டது. அங்கே புதிதாகப் போட்டால்தான் உண்டு.

அதற்கு ஸ்ப்ரே வாங்குங்கள். துவைக்கும்போது கலக்கும் வகை உள்பக்கமும் படியும். வியர்வை உறிஞ்சும் லைனிங் இருந்தால் அதுவும் கெடும். ஸ்ப்ரேயும் ஃப்ளோரின் இல்லாததுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இந்த ஜாக்கெட்டை வாங்கியதற்கே அர்த்தமில்லை. துவைத்து ஈரம் இருக்கும்போதே, ஒரு சாண் தள்ளிப் பிடித்து அடியுங்கள். சில நிமிடம் கழித்து, வழிவதை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைத் திட்டாக நிற்கும். சூடு காட்ட வேண்டுமா, தானாகக் காய்ந்தால் போதுமா என்பது அந்தப் புட்டியிலேயே எழுதியிருக்கும்.

அடிக்கடி போடுகிற ஜாக்கெட் என்றால் பருவத்துக்கு ஒரு தடவையாவது இந்த வேலை இருக்கும். நாள் கணக்கு தேவையில்லை. துளி உருளாமல் தட்டையாகப் படர ஆரம்பித்தால் துவைக்கும் நேரம் வந்துவிட்டது.