சாய்ந்த பலகையில் லக்ஸ் ஏன் பாதியாகிறது?

"திருப்பூர்ல பனியன் துணிக்கு செக்கிங் வேலை எடுத்துச் செய்யறோமுங்க. மெஷின்ல அஞ்சடி அகலப் பலகை, தரையிலிருந்து 60 டிகிரி சாய்வு. அதுக்கு நேர் மேல 1.8 மீட்டர்ல 50 வாட் எல்இடி ஃப்ளட் லைட் ஒண்ணு, பெட்டில 5000 லூமன்னு போட்டிருக்கு. நாங்க மீட்டரைக் கையில படுக்க வெச்சுப் பார்த்தா 500 லக்ஸ். பையரோட ஆடிட்டர் பலகை மேல வெச்சா 260தான். அவங்களுக்கு 1000 வேணுமாம். கடைக்காரர் 100 வாட் மாட்டுங்கறார். கறை பார்க்கற யூவி டியூப் கிட்ட வெச்சா மீட்டர் ஏறவே இல்ல, அதுவும் போச்சுங்களா?"

100 வாட் வாங்காதீர்கள். இப்போது இருக்கிற இடத்திலேயே அதை மாட்டினால் பலகையில் 500 சொச்சம்தான் வரும். அடுத்த ஆடிட்டிலும் இதே கதைதான். உங்கள் விளக்கிலும் குறையில்லை, ஆடிட்டர் மீட்டரிலும் குறையில்லை. விளக்கு நிற்கும் இடம்தான் தப்பு.

லூமன் என்பது விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் வெளியேறுகிற மொத்த வெளிச்சம். அதில் உங்கள் துணி இருக்கும் திசையில் எவ்வளவு அடர்த்தியாகப் போகிறது என்பதைக் கேண்டிலா சொல்லும். அது துணி மேல் விழுந்த பிறகு, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை லூமன் என்பதுதான் லக்ஸ். உங்களுடையதுபோல 120 டிகிரிக்கு விரிகிற சாதாரண ஃப்ளட் லைட்டில், லூமனை 3.14ஆல் வகுத்தால் நேர் எதிரே கிடைக்கும் கேண்டிலா ஏறத்தாழ வந்துவிடும். 5000 லூமனுக்கு 1590 கேண்டிலா. அதே 5000 லூமனை லென்ஸ் போட்டு 60 டிகிரிக்குள் ஒடுக்கினால் நடுவில் ஏறத்தாழ மூன்று மடங்காகும். பெட்டியில் லூமனை மட்டும் பெரிதாக அச்சடித்து, விரிவுக் கோணத்தைப் போடாமல் விற்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கோணம் தெரியாத லூமனை வைத்துக்கொண்டு செக்கிங் மெஷினுக்கு ஒரு கணக்கும் போட முடியாது.

இனி லக்ஸ். கேண்டிலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.8 மீட்டரின் வர்க்கம் 3.24, 1590ஐ அதால் வகுத்தால் 490. நீங்கள் மீட்டரைப் படுக்க வைத்துப் பார்த்த 500 இதுதான். அதாவது, பெட்டியில் போட்ட லூமன் பெரும்பாலும் உண்மை.

ஆனால் துணி படுத்திருக்கவில்லையே. விளக்கின் கீழே ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். அதே வெளிச்சக் கற்றை அதிகப் பரப்பில் பரவுவதால், பக்கம் மங்கிக்கொண்டே போகும். எவ்வளவு மங்கும் என்பதைச் சாய்வுக் கோணத்தின் கொசைன் சொல்கிறது. 60 டிகிரிக்குக் கொசைன் சரியாகப் பாதி. 490இல் பாதி 245. சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தையும் சேர்த்தால் ஆடிட்டர் கண்ட 260. துணி எந்தச் சாய்வில் இருக்கிறதோ அதே சாய்வில் மீட்டரை வைத்தது அவர்தான், அவர் அளவுதான் செல்லும். 1000 லக்ஸ் வேண்டும் என்று தாளில் எழுதுகிற பையர்கள், 'பலகையின் மேல், அதன் சாய்விலேயே' என்று இன்னொரு வரி சேர்த்தால் குறைந்தா போய்விடுவார்கள்? அந்த ஒரு வரி இல்லாமல் எத்தனையோ யூனிட்டுகள் தேவையில்லாத விளக்கு வாங்குகின்றன.

செய்ய வேண்டியது இதுதான். விளக்கைப் பலகைக்கு நேர் எதிரே கொண்டுவந்தால் கொசைன் இழப்பே இருக்காது, ஆனால் செக்கிங் செய்பவரின் தலை நிழல் துணியில் விழும். அதனால் பாதி வழியில் நிற்போம். பலகையின் நடு உயரத்திலிருந்து 95 சென்டிமீட்டர் மேலே, ஆள் நிற்கும் பக்கமாக 55 சென்டிமீட்டர் முன்னால் விளக்கை இறக்கி, முகத்தைப் பலகை பார்க்கத் திருப்புங்கள். தூரம் 1.1 மீட்டர், வெளிச்சம் பலகையில் விழுகிற சாய்வு இப்போது 30 டிகிரிதான், கொசைன் 0.87. கணக்குப்படி நடுவில் 1140 லக்ஸ் வரும். அதே விளக்கு, அதே கரண்ட்.

ஓரங்களுக்கு மட்டும் இது போதாது, அங்கே 530 போல விழுந்துவிடும். அதே மாதிரி இன்னொரு 50 வாட் வாங்கி, பலகையின் நடுவிலிருந்து இரு பக்கமும் அரை மீட்டர் தள்ளி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். நடுவில் 1550, ஓரத்தில் 1250 அளவில் நிற்கும். பஞ்சு படிந்து வெளிச்சம் குறையும்போதும் 1000க்குக் கீழே போகாமலிருக்க அந்த மிச்சம் வேண்டும். மொத்தம் 100 வாட்தான், கடைக்காரர் சொன்ன அதே வாட்.

ஒரு விதிவிலக்கை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தின் வர்க்கத்தால் வகுப்பது, விளக்கு தூரத்தோடு ஒப்பிட்டால் சிறியதாக இருக்கும்போது மட்டும் சரி. விளக்கின் நீளத்தைப் போல ஐந்து மடங்காவது தூரம் இருக்க வேண்டும். உங்கள் ஃப்ளட் லைட் ஒரு சாண் அளவுதான், அதாவது 20 சென்டிமீட்டர். ஒரு மீட்டருக்கு மேல் கணக்கு செல்லும். நாலடி டியூப்புக்கு இதைப் போட்டால் தப்பாகும். டியூப்பின் முனைகள் நடுப் பகுதியைவிடத் துணிக்குத் தூரமாகவும் சாய்வாகவும் இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும்போது தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நாலு மடங்காகாது, ஏறத்தாழ இரண்டு மடங்குதான். டியூப் மாட்டியவர்கள் கணக்கை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

மீட்டர் என்றால் மீட்டர், போன் ஆப் இல்லை. லக்ஸ் மீட்டரின் முனையில் இருக்கிற வெள்ளைக் குமிழ், சாய்வாக வருகிற வெளிச்சத்தையும் கொசைன் கணக்குப்படி ஏற்பதற்காக வைத்தது. போனில் கண்ணாடிக்கு உள்ளே இருக்கிற சென்சாருக்கு அது கிடையாது. ஆடிட்டுக்கு முந்தின வாரம் போனை நீட்டிக் காட்டி 'லக்ஸ் சர்டிபிகேட்' விற்க வருகிற ஏஜெண்டுகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். அவர்கள் போனைக் கூரையைப் பார்த்துப் படுக்க வைப்பார்கள், எண் பெரிதாக வரும், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். கேள்வி கேட்கும் ஆடிட்டர் முன்னால் நிற்கப் போவது நீங்கள். பேர் இல்லாத அசெம்பிள் விளக்கு வாங்கினால் எல்எம்-79 சோதனை அறிக்கையைக் கேளுங்கள். லூமன், கேண்டிலா, விரிவுக் கோணம் மூன்றும் அளந்து அதில் இருக்கும். பிஐஎஸ் முத்திரையைக் காட்டி, 'கவர்ன்மெண்டே சொல்லிட்டான்' என்பார்கள். எல்இடி பல்பில் அந்த முத்திரை முக்கியமாகப் பாதுகாப்புக்கானது, உங்கள் பலகையில் எத்தனை லக்ஸ் விழும் என்று அது சொல்லாது.

யூவி டியூப்புக்கு வருவோம். லூமன், லக்ஸ் எல்லாமே மனிதக் கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது என்ற தராசில் நிறுத்தவை. விளக்கிலிருந்து ஒளியாக வருகிற ஒரு வாட், 555 நானோமீட்டர் பச்சையாக இருந்தால் 683 லூமன். 450 நீலத்தில் அதே ஒரு வாட்டுக்கு 26 லூமன் தேறினால் அதிகம். 365 நானோமீட்டர் யூவிக்குக் கிட்டத்தட்ட சுழியம். வெளியே வருகிற சக்தி அப்படியேதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. லக்ஸ் மீட்டரும் கண் மாதிரிதான் பார்க்கும், அதனால் அது ஏறாதது நியாயமே. யூவியைச் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோவாட் என்று காட்டுகிற தனி மீட்டரில்தான் அளக்க வேண்டும். புது டியூப் வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அறையை இருட்டாக்கி, ஆப்டிகல் வைட்னர் ஏற்றிய வெள்ளை பனியன் துணியையும், அது ஏற்றாத துணியையும் டியூப்பின் கீழே பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் துணி மட்டும் நீலமாகப் பளிச்சென்று தெரிந்தால் டியூப் வேலை செய்கிறது. போன வருஷத்தைவிட மங்கலாகத் தெரிந்தால் மட்டும் மாற்றுங்கள். பார்க்கும்போது டியூப்பை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம், யூவி தடுக்கிற கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.