கடைக்கு வெப்சைட்: ரேட் பேசப் போகும் ஃப்ரீலான்ஸர்களின் கேள்விகள்

தண்டையார்பேட்டையிலிருந்து: அக்கா, எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடை முதலாளியை நாளைக்குப் பார்க்கிறேன். எடுத்ததும் "எவ்வளவு ஆகும்?" என்பார். என்ன சொல்ல?

முதலில் நீங்க கேளுங்க தம்பி: எத்தனை புடவை ஏற்றணும், படமும் விலையும் யார் தருவாங்க? அதுக்கப்புறம்தான் தொகை.

கணக்கு இப்படி. மாசம் கைக்கு 45,000 வேணும், நெட், கரண்ட், கம்ப்யூட்டர் செலவு 9,000 என்று வையுங்க. பில் போடக்கூடிய நேரம் மாசத்துக்கு 90 மணிதான் தேறும். மீதியை அலைச்சலும் பாக்கி வசூலும் தின்னுடும். ஆக, மணிக்கு 600 ரூபாய். டிசைனுக்கு 12 மணி, பக்கங்கள் கட்ட 16, பேமெண்ட் இணைத்துச் சோதிக்க 6, இரண்டு சுற்றுத் திருத்தத்துக்கு 6. 60 புடவை ஏற்ற, ஒன்றுக்கு 10 நிமிஷம் வீதம் 10 மணி. மொத்தம் 50 மணி, 30,000 ரூபாய்.

இடிக்கிற இடம் அந்தப் புடவைதான். ஒரே டிசைனில் மூணு கலர் இருந்தா 60 என்பது 180 ஆகிடும். 20 மணி கூடுதல், 12,000 ரூபாய் உங்க கையை விட்டுப் போகும். அதனால கொட்டேஷனில் "60 படம் வரை, அதற்கு மேல் படத்துக்கு 100 ரூபாய்" என்று எழுதிடுங்க. விலை இல்லாம வாட்ஸ்அப்பில் வந்து குவியும் படங்களை ஏற்றத் தொடங்காதீங்க.

ராயபுரத்திலிருந்து: மணிக்கணக்கில் பில் போட்டா இந்தத் தகராறே இல்லையே?

பாதி சரி. மாசாமாசம் பராமரிக்கிற வேலைக்கு அது பொருந்தும். புது வெப்சைட்டுக்கு, மொத்தம் எங்கே போய் நிற்கும்னு தெரியாம கடைக்காரர் ஒத்துக்க மாட்டார்.

மறுபடி ராயபுரம்: அப்போ 50 மணி வேலை 70 ஆனா நஷ்டம் நமக்குத்தானே?

நம்ம கணிப்பு தப்பினா நமக்குத்தான். அவர் கேட்டுக் கூட்டினது அவருக்கு. அந்தக் கோட்டைத்தான் எழுத்தில் போடச் சொல்றேன்.

வியாசர்பாடியிலிருந்து: ராயபுரம் அண்ணன் சொல்றதுதான் எனக்குச் சரி. திருத்தம் எது, புது வேலை எதுன்னு எழுதி வெச்சாலும் சண்டை வருதே.

வரும். கலரை மாற்றுவது திருத்தம், கூப்பன் வசதி சேர்ப்பது புது வேலை. நடுவில் கிடக்கிறதுக்கு என்கிட்டயும் முழு விடை இல்லை.

பெரம்பூரிலிருந்து: என் டெய்லரிங் கடைக்கு 8,000த்தில் முடியுமா?

இங்கே ரேட் சொல்றவங்களுக்குத்தான் பதில், அம்மா. ஒரே பக்கம், படம் உங்களது என்றால் கேட்டுப் பாருங்க.

கொருக்குப்பேட்டையிலிருந்து: அட்வான்ஸ் எவ்வளவு?

40 சதவீதம் வந்த பிறகு வேலை. சோதனை லிங்க் காட்டினதும் 40. மீதி 20 வாங்கிட்டு லைவ். டொமைனை மட்டும் அவர் பேரில், அவர் ஈமெயிலில் வாங்குங்க. அதைப் பிடிச்சு வெச்சுப் பாக்கி கேட்கக்கூடாது.

திருவொற்றியூரிலிருந்து: பத்துப் பக்க வெப்சைட்டுக்கு என்ன ரேட்?

மேலே படிங்க. பக்கத்தை எண்ணி ரேட் வராது. படமும் விலையும் யார் தருவாங்கன்னு கேட்டுட்டு வாங்க.