விபத்துச் செய்தியில் எந்த எண்ணிக்கையைப் போடுவது

கேள்வி: எங்கள் பகுதிச் செய்திகளைப் போடும் தளத்தில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறேன். நேற்று ஒரு விபத்தில் போலீஸ் ஒரு எண்ணிக்கை சொன்னார்கள், ஜி.எச்.சில் வேறு சொன்னார்கள். இப்படி வந்தால் எதைப் போடுவது?

இரண்டையும் போடுங்கள், யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது என்பதோடு. ஆனால் இரண்டையும் கூட்டி மட்டும் போட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை கூட்டிப் போட்டேன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். ஆபீசிலிருந்து போன் மேல் போன் வரும், டிவியில் கீழே ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும், "அவங்க ஆறுன்னு போட்டுட்டாங்க, நீ இன்னும் நாலுலயே நிக்கிற" என்பார்கள். எனக்கும் அன்றைக்கு அப்படித்தான்.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், எங்கள் தாலுகா எல்லைக்குள் நடந்த விபத்து. பஞ்சராகி ஓரமாக நின்ற லாரியின் பின்னால் சுற்றுலா வேன் மோதியது. நேரம் அதிகாலை இரண்டரை. கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரே ஊர்க்காரர்கள், டிரைவரோடு சேர்த்து வேனில் 17 பேர். ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்டர் சம்பவ இடத்தில் வைத்துச் சொன்னது: "4 பேர் ஸ்பாட்லயே அவுட், 13 பேருக்குக் காயம்." அங்கிருந்து தாலுகா ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டேன். அவசரப் பிரிவில் இருந்த சிஸ்டர் ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொன்னது: "இங்க வந்ததுல 2 பேர் இறந்துட்டாங்க, 9 பேருக்கு சிகிச்சை." நான் உடனே மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஸ்பாட்டில் 4, ஆஸ்பத்திரியில் 2, மொத்தம் 6. ஆபீசுக்குச் சொன்னேன், ஆறு மணிக்குள் எங்கள் தளத்தில் ஏறிவிட்டது.

ஆறரை மணிக்கு அந்த ஊரிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். எங்கிருந்து என் நம்பரை வாங்கினானோ தெரியவில்லை. "அண்ணே, நாலு பேரு பேரு எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. மீதி ரெண்டு பேரு யாருண்ணே?" என்றான். என்னிடம் பதில் இல்லை. அந்த நேரத்தில் வேனில் போனவர்களில் நான்கு பேருடன் ஊர்க்காரர்களால் பேச முடியவில்லை. அந்த நான்கு வீட்டிலும் அழ ஆரம்பித்துவிட்டார்கள். அதில் ஒரு வீட்டுப் பெண் கையில் சிராய்ப்போடு பஸ் ஏறி ஊருக்கு வந்துகொண்டிருந்தாள், போன் உடைந்துபோனதால் பேச முடியவில்லை, அவ்வளவுதான். அவள் தெருவில் இறங்கி நடக்கும்போது அவள் வீட்டு வாசலில் கூட்டம் நின்றிருக்கிறது.

உண்மையில் அந்தக் காலையில் இறந்திருந்தவர்கள் 5 பேர். போலீஸ் சொன்ன 4-உம் பொய்யில்லை, சிஸ்டர் சொன்ன 2-உம் பொய்யில்லை. எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இதேதான் நடக்கும்.

போலீஸ் "ஸ்பாட்டில் இறந்தார்கள்" என்று எண்ணிய நான்கு பேரில் மூன்று உடல்கள் நேராகப் பிணவறைக்குப் போயின. எங்கள் பகுதியில் அப்படி நேராகப் போகும் உடலுக்கு அவசரப் பிரிவின் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். என்று சொல்வார்களே அதில், பதிவு இருக்காது. நான்காவது ஆளை 108 ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். இறந்துவிட்டார் என்று முறையாக அறிவிக்க வேண்டியவர் டாக்டர்தான், ஏட்டு பார்த்துச் சொல்வது ஒரு யூகம். அந்த நான்காவது ஆளை டாக்டர் பார்த்து, கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று ஏ.ஆரில் எழுதினார். ஆக அவர் போலீசின் நான்கிலும் இருக்கிறார், சிஸ்டரின் இரண்டிலும் இருக்கிறார். நான் அவரை இரண்டு முறை சாகடித்திருக்கிறேன்.

சிஸ்டர் சொன்ன இன்னொருவர் வேனில் வந்தவரே இல்லை. லாரி கிளீனர். டயர் மாட்டிக்கொண்டிருந்தவரை அந்த வழியாக வந்த கார்க்காரர் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், அரை மணி நேரத்தில் அவசரப் பிரிவிலேயே உயிர் போயிருக்கிறது. இன்ஸ்பெக்டர் இன்னும் ரோட்டில் நின்று வேனை கிரேனில் நகர்த்திக்கொண்டிருந்தார், அவருக்கு இது தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து போகும் தகவல் சீட்டு ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து அவருக்குச் சொல்ல வேண்டும்.

காயம்பட்டவர் கணக்கும் இதே கதைதான். இன்ஸ்பெக்டர் சொன்ன 13, ஆட்களை எண்ணிச் சொன்னதில்லை. வேனில் 17, அதில் 4 போக 13 என்று கழித்தது. ஆஸ்பத்திரியில் 9 பேர்தான் இருந்தார்கள், ஏனென்றால் 2 பேரை உறவினர் காரில் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், 2 பேர் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகாமல் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த 9 பேரில் 5 பேரை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் செய்தார்கள். அங்கே மறுபடி பதிவாகும். ஒரு டிவியில் 14 பேர் காயம் என்று ஓடியதே, அது தாலுகா ஆஸ்பத்திரியின் 9-ஐயும் மருத்துவக் கல்லூரியின் 5-ஐயும் கூட்டியது. அந்த ஐந்து பேரும் முதல் ஒன்பதுக்குள் இருப்பவர்கள்தான்.

போலீஸ் மறைக்கிறார்கள், அதற்காகத்தான் குறைத்துச் சொல்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். மறைக்கிற இடமே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் விபத்து நடந்து முதல் ஆறு மணி நேரத்தில் வரும் வித்தியாசத்தில் நான் பார்த்தவரை பெரும்பாலும் இப்படித்தான்: போலீஸ் சம்பவத்தை வைத்து எண்ணுகிறார்கள், ஆஸ்பத்திரி கட்டிடத்துக்குள் வந்தவர்களை எண்ணுகிறது.

அதற்கப்புறம் நான் எண்களைக் கேட்பதையே குறைத்துக்கொண்டேன், ஆட்களைக் கேட்கிறேன். நோட்டில் ஒரு ஆளுக்கு ஒரு வரி. பெயர் (தெரியாவிட்டால் "சுமார் 40 வயது ஆண், நீலச் சட்டை"), எதில் வந்தார், எங்கே கொண்டுபோனார்கள், இப்போது எங்கே இருக்கிறார். ஆஸ்பத்திரியில் "எத்தனை பேர்" என்று மட்டும் கேட்காமல், இறந்தவர்களில் எத்தனை பேர் கொண்டுவரும்போதே உயிரில்லாமல் வந்தவர்கள், எத்தனை பேர் இங்கே வந்தபின் இறந்தார்கள், யார் யாரை எங்கே ரெஃபர் செய்தீர்கள் என்று பிரித்துக் கேளுங்கள். பிணவறையில் தனியாகப் போய்க் கேளுங்கள். அன்றைக்கு நான் பிணவறைக்கு நடந்திருந்தால் 5 உடல்கள் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அவசரப் பிரிவிலிருந்து ஐம்பதடிதான்.

முதல் செய்தியில் நான் இப்போது இப்படி எழுதுவேன்: "சம்பவ இடத்தில் 4 பேர் இறந்ததாக காலை 5 மணிக்கு போலீசார் தெரிவித்தனர். காலை 6 மணி நிலவரப்படி ஆஸ்பத்திரி பிணவறையில் 5 பேரின் உடல்கள் உள்ளன." தலைப்பில் "குறைந்தது 4 பேர் பலி" என்று வைக்கலாம், பிணவறைக்கு நேரில் போய்ப் பார்த்திருந்தால் 5 என்றே வைக்கலாம். வித்தியாசம் ஏன் என்று தெரிந்தால் ஒரு வரி சேருங்கள், தெரியாவிட்டால் நீங்களாகக் காரணம் கற்பிக்காதீர்கள். டெஸ்கில் இந்தக் "குறைந்தது" என்ற வார்த்தையை வெட்டிவிடுவார்கள், சண்டை போட்டாவது அதை வைக்கச் சொல்லுங்கள்.

டெஸ்க் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு நாளிதழின் தாலுகா நிருபர், மாதச் சம்பளம் கிடையாது, வெளியாகும் வரிகளுக்குக் காசு. அதிகாலை மூன்று மணிக்கு என் சொந்த வண்டியில், சொந்த பெட்ரோலில் அதே நெடுஞ்சாலையில்தான் போகிறேன், எனக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. அடையாள அட்டை கேட்டு நான்கு வருஷம் ஆகிறது. அட்டை இல்லாததால் ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி நிறுத்துவார், உள்ளே போவதற்குள் அரை மணி போய்விடும், அதற்குள் "ஏன் லேட்" என்று போன். எண்ணிக்கை தப்பாக வந்தால் மட்டும் என் பெயர் ஞாபகம் வரும். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எண்கள் ஏன் தப்பாக வருகின்றன என்று பேசுகிறவர்கள் இதையும் பேச வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் சாயங்காலம் தனியார் ஆஸ்பத்திரியில் இருந்த இருவரில் ஒருவர் இறந்துபோனார். அப்போதுதான் நிஜமாகவே 6 ஆனது. இது எஃப்.ஐ.ஆரைப் பார்த்தால் தெரியாது, எஃப்.ஐ.ஆர். என்பது புகார் கொடுத்த நேரத்து நிலவரம், பின்னால் இறப்பவர்களுக்காக அதைத் திருத்தி எழுத மாட்டார்கள். காயம் மட்டும் என்று பதிவான வழக்கில் ஒருவர் இறந்தால், மரணம் விளைவித்த பிரிவுக்கு, அதாவது பி.என்.எஸ். 106-க்கு, மாற்றி கோர்ட்டுக்கு அறிக்கை அனுப்புவார்கள். எங்கள் வழக்கில் முதலிலேயே சாவு இருந்ததால் அந்தப் பிரிவு ஏற்கெனவே இருந்தது, மாற்றமும் இல்லை, எனவே ஸ்டேஷனில் புதிதாக ஒன்றும் நடந்த மாதிரியே தெரியாது.

எனக்கு உதவியது குற்ற எண்தான். விபத்தில் இறந்தவரின் உடலுக்குப் பிரேதப் பரிசோதனை உண்டு, தனியார் ஆஸ்பத்திரியில் இறந்தாலும் உடல் அதற்காக அரசு ஆஸ்பத்திரிக்கு வரும். அதைக் கேட்டு போலீஸ் கொடுக்கும் கடிதத்தில் வழக்கின் குற்ற எண் இருக்கும். அந்த எண்ணை ஸ்டேஷன் ரைட்டரிடம் வாங்கி வைத்துக்கொண்டு, இந்த எண்ணில் எத்தனை உடல்கள் என்று பிணவறையில் கேட்டால் இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் சேரும். இதற்கும் எல்லை உண்டு. எங்கள் பக்கத்துக் காயக்காரர்கள் சிலர் புதுச்சேரிக்குப் போவார்கள், அங்கே இறந்தால் பரிசோதனையும் அங்கேயே நடக்கும், நம் பிணவறையில் கேட்டுப் பயனில்லை. அதனால்தான் ரெஃபர் ஆனவர்கள் எங்கே போனார்கள் என்று நோட்டில் எழுதச் சொன்னேன்.

மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வருடாந்திர அறிக்கையில் விபத்து நடந்து 30 நாளுக்குள் இறப்பவர்தான் விபத்துச் சாவில் சேருவார். அந்தக் கணக்கு போலீசிடமிருந்து போவது. 2016-க்கு அந்த எண்ணிக்கை 1,50,785. அதே வருஷத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 2,99,091. இவ்வளவு பெரிய இடைவெளிக்கு நம் தாலுகா மட்டும் காரணமாக முடியாது, ஆனால் பின்னால் ஆஸ்பத்திரியில் இறந்து எந்த ஸ்டேஷன் கணக்கிலும் ஏறாத ஒருவர் எப்படி இருப்பார் என்று யோசித்தால் எனக்கு அந்த தனியார் ஆஸ்பத்திரி ஆள்தான் ஞாபகம் வருகிறார்.

உங்களுடையது நேற்று நடந்த விபத்து என்கிறீர்கள். குற்ற எண் இன்னும் வாங்கவில்லை என்றால் இன்றைக்கே வாங்குங்கள், ரெஃபர் ஆனவர்களை ஒரு வாரம் கழித்து ஒருமுறையும் முப்பதாவது நாள் ஒருமுறையும் விசாரியுங்கள். முதலில் போட்ட செய்தியிலேயே, எந்தத் தேதியில் எண்ணிக்கை மாறியது என்று சேர்த்துவிடுங்கள்.