பழைய தொரையோட பேர சீவில போடுறதுக்கு முந்தி அனுப்ப வேண்டிய மெசேஜ்

கேள்வி: தோட்டத்து ஆபிஸ்ல 4 வருஷம் கிளாக்கரா இருந்தேன். இப்ப கொழும்புல ஒரு கம்பனிக்கு சீவி போடுறேன், ரெண்டு நொன் ரிலேட்டட் ரெஃபரீஸ் கேக்குறாங்க. தோட்டத்து மேனேஜரா இருந்த எங்க பழைய தொரை டிரான்ஸ்பர் ஆகி வேற தோட்டத்துக்கு போயிட்டாரு. அவருக்கு என்னன்னு எழுதி கேக்குறது? கேக்காமலே போட்டா என்ன ஆகும்?

பதில்:

கேக்காம மட்டும் போட்டுறாதீங்க. நான் போட்டேன், அதுல ஒரு வேலையே கைவிட்டு போச்சு, அதனாலதான் இத கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

நான் 2016லருந்து 2020 வரைக்கும் டிக்கோயா பக்கம் ஒரு தோட்டத்துல ஆளுங்களோட பேரும் சம்பளமும் எழுதுற செக்ரோல் கிளாக்கரா இருந்தேன். விட்டு வந்து கொஞ்ச நாள்ல கொழும்புல ஒரு கம்பனிக்கு சீவி அனுப்புனப்போ ரெஃபரி எடத்துல எங்க தொரையோட பேரையும் தோட்டத்து விலாசத்தையும், 051ல ஆரம்பிக்கிற ஆபிஸ் லேண்ட்லைன் நம்பரையும் எழுதி அனுப்பிட்டேன், அவருகிட்ட ஒரு வார்த்தை கேக்கல, நம்மள நல்லா தெரிஞ்சவர்தானே, கேட்டா நல்லாத்தானே சொல்லுவாருன்னு நெனைச்சேன். ஆனா அவரு அதுக்குள்ள பதுளை பக்கம் மாறி போயிருந்தாரு. எச்ஆர்ல இருந்து கோல் பண்ணுனப்போ போன எடுத்தது புதுசா வந்த கிளாக்கர். அவருக்கு என்னையும் தெரியல, பழைய தொரை இப்ப எந்த தோட்டத்துலன்னும் சரியா சொல்ல தெரியல. அந்த நம்பர் தோட்டத்துக்கு சொந்தமான நம்பர், தொரைக்கு சொந்தமானது இல்ல, அவர் மாறி போனதும் அந்த நம்பருக்கும் அவருக்கும் எந்த சம்பந்தமும் இல்ல, இத நான் யோசிக்கவே இல்ல.

அதோட முடியல. எச்ஆர்காரங்க எனக்கு கோல் பண்ணி வேற நம்பர் கேட்டாங்க, நான் ஓடி ஆடி பழைய ஆபிஸ் ஆளுங்ககிட்ட கேட்டு தொரையோட மொபைல் நம்பர வாங்கி குடுத்தேன், அப்பவும் அவருக்கு முன்கூட்டி ஒரு மெசேஜ் போடல. அவரு மலையில நிக்கிற நேரம் பாத்து கோல் போயிருக்கு, சிக்னலும் விட்டு விட்டு. "செல்வகுமார்னு ஒருத்தர் உங்ககிட்ட வேலை செஞ்சாரா"ன்னு கேட்டிருக்காங்க. நம்ம ஆளுங்களுக்கு பர்த் சர்டிபிகேட்ல ஒரு பேரு, வீட்டுலயும் வேலையிலயும் கூப்பிடுறது ஒரு பேரு. ஆபிஸ்ல எல்லாருக்கும் நான் ராஜா. தொரையும் நாலு வருஷமா ராஜான்னுதான் கூப்பிட்டாரு. "அப்புடி ஒருத்தர் ஞாபகம் இல்லையே"ன்னு சொல்லிட்டாரு. அவர் மேல எந்த தப்பும் இல்ல, அவருக்கு தெரிஞ்சத சொன்னாரு. ஆனா அந்த பக்கம் கேட்டவங்களுக்கு நான் வேலை செஞ்சேன்னு சொன்னதே பொய்யின்னு தோணியிருக்கும். அதுக்கு பெறகு அவங்க எனக்கு கோல் பண்ணவே இல்ல.

அதனால அனுமதி கேட்டு எழுதுறது மரியாதைக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. யாரு, எந்த வேலைக்கு, எப்ப கோல் பண்ண போறாங்கன்னு அவரு கையில முன்னாடியே இருக்கணும், அவரோட இப்போதைய பதவியும் நம்பரும் உங்க கையில இருக்கணும். இந்த ரெண்டுக்கும்தான் மெசேஜ். ரெண்டாவது தடவை விண்ணப்பிக்கும்போது நான் அவருக்கு வாட்ஸப்ல அனுப்புனது ஏறக்குறைய இதுதான்:

"வணக்கம் சேர். நான் செல்வகுமார், ஆபிஸ்ல ராஜான்னு கூப்பிடுவீங்க. 2016 மார்ச்ல இருந்து 2020 ஆகஸ்ட் வரைக்கும் உங்ககிட்ட செக்ரோல் கிளாக்கரா வேலை செஞ்சேன். செக்ரோல கம்பியூட்டருக்கு மாத்துன நேரம், ரெண்டு மாசம் கையாலயும் எழுதி ரெண்டையும் ஒத்துப் பார்த்து உங்களுக்கு காட்டுனது நான்தான்.

கொழும்புல ஒரு கம்பனியில சம்பளப் பிரிவுல உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். முடிவு திகதி இந்த மாசம் 28. என் வேலைய நேரா பார்த்தவர் நீங்கங்கிறதால ரெஃபரியா உங்க பேர போட அனுமதி கேக்குறேன். கேட்டா அடுத்த மாசம் நடுப்பகுதியில கோல் பண்ணுவாங்கன்னு நெனைக்கிறேன். கணக்கு வேலையில கவனம், லீவு, காசு விஷயத்துல நம்பிக்கை, இதத்தான் விசாரிப்பாங்க.

உங்களுக்கு வசதி இல்லாட்டியும், கம்பனியில அதுக்கு எடம் இல்லாட்டியும் சொல்லுங்க சேர், நான் வேற ஒருத்தர போட்டுக்குறேன். சரின்னா இப்ப உள்ள பதவி, தோட்டத்து விலாசம், எந்த நம்பர போடலாம், எந்த நேரம் வசதின்னு சொல்லுங்க. 20ம் திகதிக்கு முந்தி தெரிஞ்சா சீவியில சேத்துருவேன்."

சீவியில இருக்குற பேரும் அவரு கூப்பிட்ட பேரும் ரெண்டுமே முதல் வரியில இருக்கு பாருங்க, என் அனுபவத்துல அத விட முக்கியமான வரி வேற இல்ல. ஒரு தொரை பத்து பதினஞ்சு வருஷத்துல எத்தனையோ தோட்டம் மாறியிருப்பாரு, ஒவ்வொரு எடத்துலயும் கிளாக்கர், பீல்ட் ஆபிசர், பேக்டரி ஆபிசர்னு எத்தனை முகம். வெறும் பேரும் வருஷமும் சொன்னா "ஆமா ஆமா"ன்னு சொல்லுவாரு, ஆனா போன்ல கேக்கும்போது சொல்றதுக்கு அவருகிட்ட ஒண்ணும் இருக்காது. நீங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்ச ஒரு வேலைய சொன்னீங்கன்னா அவருக்கு முகம் ஞாபகம் வரும், கேக்குறவங்களுக்கும் அதையே சொல்லுவாரு. ஒரு வேலை போதும், பட்டியல் போடாதீங்க, நீங்க உண்மையா செஞ்சதா மட்டும் இருக்கட்டும். திகதிய சேர்விஸ் லெட்டர பாத்து எழுதுங்க, சீவியிலயும் அதே திகதி இருக்கணும், அவர் ஒண்ணு சொல்லி சீவி ஒண்ணு சொன்னா சந்தேகம்தான் வரும்.

வேணாம்னு சொல்ல வழி விட்டிருக்கிற வரிய வெட்டிறாதீங்க, அது ரொம்ப தேவை. சில கம்பனிகள்ல பழைய ஸ்டாப் பத்தி மேனேஜர் பேசக்கூடாது, எச்ஆர்தான் வேலை செஞ்ச காலத்தையும் பதவியையும் மட்டும் உறுதிப்படுத்தும்னு இருக்கு. அப்புடி இருந்தா அவரு "என் பேர போடுங்க, ஆனா ஆபிஸ் நம்பர் வேணாம், என் சொந்த நம்பர போடுங்க"ன்னு சொல்லலாம், இல்லாட்டி முடியாதுன்னும் சொல்லலாம். அவர் முகத்துக்காக சரின்னு சொல்லிட்டு போன்ல இழுத்து இழுத்து பேசுனா அது உங்களுக்குத்தான் கெடுதல். "போடுங்க பாப்போம்", "யாரும் கெடைக்காட்டி போடுங்க" அப்புடி பதில் வந்தா அத சரின்னு எடுத்துக்காதீங்க, நன்றி சொல்லிட்டு வேற ஆள பாருங்க. எனக்கு வந்த பதில் "ராஜாவா, தாராளமா போடு, எந்த வேலைன்னு விளம்பரத்த அனுப்பு". இவர் பேசுவாருன்னு அதுலயே தெரிஞ்சிருச்சு.

எப்ப அனுப்புறீங்கங்கிறதையும் பாத்துக்குங்க. மாசக் கடைசியில செக்ரோல் முடிக்கிற வேலை, அதுல இருந்து 10ம் திகதி சம்பளம் குடுக்குற வரைக்கும் தோட்டத்து ஆபிஸ் எப்புடி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். 12, 13ம் திகதிக்கு பெறகு அனுப்புங்க. காலையில ஆளுங்கள வேலைக்கு பிரிக்கிற பெரட்டு நேரத்துல கோல் பண்ணாதீங்க. கோலே பண்ணி கேக்கலாமான்னு நெனைச்சா, எழுதி அனுப்புறதுதான் நல்லது, ஏன்னா திடீர்னு போன்ல கேட்டா யாருக்கும் இல்லன்னு சொல்ல கஷ்டம், அதோட எழுத்துல இருந்தா எச்ஆர் கோல் வரும்போது அவரு எடுத்து ஒரு தரம் பாத்துக்குவாரு. ஈமெயில் பாக்குறவரா இருந்தா ஈமெயில், தமிழ் வாசிக்காதவரா இருந்தா இதையே இங்கிலீஷ்ல சின்னதா. நேர்ல தொரைன்னு சொல்லி பழகியிருந்தாலும் எழுதும்போது சேர்னே எழுதுங்க.

சரின்னு சொன்னதும் சீவியில எழுதுறப்போ இப்ப உள்ள பதவிய மட்டும் போட்டுட்டு விட்டா, பதுளை தோட்டத்து மேனேஜருக்கும் டிக்கோயாவுல வேலை செஞ்ச உங்களுக்கும் என்ன சம்பந்தம்னு வாசிக்கிறவங்களுக்கு புரியாது. பேரு, இப்போதைய பதவியும் தோட்டமும், அதுக்கு கீழ "விண்ணப்பதாரர் வேலை செஞ்ச தோட்டத்தின் முன்னாள் மேனேஜர்"னு ஒரு வரி, பெறகு அவரு சொன்ன நம்பர். அன்னைக்கே அந்த சீவியையும் விளம்பரத்தையும் அவருக்கு அனுப்பிருங்க. இன்டர்வியூவுக்கு கூப்பிட்டா அன்னைக்கு ஒரு மெசேஜ், "சேர், இன்னைக்கு போயிட்டு வந்தேன், இந்த கிழமை கோல் வரலாம்"னு. எங்க தொரைக்கு நான் அப்புடி அனுப்பி மூணாவது நாள் கோல் வந்துச்சு, அவரு மலையில இருந்து எறங்கி வந்து அவராவே திரும்ப கோல் பண்ணி பேசியிருக்காரு. செக்ரோல் ஒத்துப் பார்த்த கதையத்தான் சொன்னாராம், இன்டர்வியூ பண்ணுன அம்மா எனக்கு வேலை கெடைச்ச பெறகு சொன்னாங்க. வேலை கெடைச்சாலும் கெடைக்காட்டியும் முடிவ அவருக்கு சொல்லுங்க. அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மறுபடி கேளுங்க, ஒரு தடவை குடுத்த அனுமதி அந்த வேலைக்குத்தான்.

பதிலே வராட்டி அத சம்மதம்னு எடுத்துக்காதீங்க. நாலஞ்சு நாள் பாத்து ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க, அதுக்கும் பதில் இல்லாட்டி விட்டுருங்க. ரெண்டாவது ரெஃபரியா ஸ்கூல் பிரின்சிபலையோ ஜீஎஸ்ஸையோ போடுறது நம்ம பக்கம் வழக்கம், தப்பில்ல, ஆனா அவங்க உங்க வேலைய பாத்தவங்க இல்ல. தொரை கெடைக்காட்டி உங்க வேலைய நாளாந்தம் பாத்த சின்ன தொரைகிட்டயோ பெரிய கிளாக்கர்கிட்டயோ கேளுங்க. மேல இருக்கிற மெசேஜே போதும், கம்பியூட்டர் வரிய எடுத்துட்டு அவரு உங்ககூட இருந்து பாத்த ஒரு வேலைய அந்த எடத்துல எழுதுங்க.