குளுக்கோஸ் தீரும்வரை லாக்டோஸ் ஏன் வெளியே நிற்கிறது?

"குளுக்கோஸும் லாக்டோஸும் கலந்த ஊடகத்தில் ஈ. கோலை நன்றாக வளர்ந்து, நடுவில் நின்றுவிடுகிறது. வேலூரில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு முறை செய்தும் இப்படித்தான். எங்கே தவறு?"

தவறு எதுவும் இல்லை. காரணம் பாக்டீரியாவின் சவ்வில் இருக்கிறது. குளுக்கோஸ் உள்ளே நுழையும்போதே அதன்மேல் ஒரு பாஸ்பேட் ஏற்றப்படுகிறது. அப்படி ஏறிய குளுக்கோஸ் மீண்டும் வெளியே கசிய முடியாது. அந்தப் பாஸ்பேட் செல்லுக்குள் இருக்கும் பாஸ்போஈனால்பைருவேட் என்னும் மூலக்கூறில் கிளம்பி, புரதம் புரதமாகக் கைமாறி வருகிறது. சவ்வுக்கு முந்தைய கை, ஐஐஏ என்னும் புரதம்.

குளுக்கோஸ் பாய்ந்துகொண்டிருக்கும்வரை ஐஐஏ தன் பாஸ்பேட்டை உடனுக்குடன் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும். அந்த நிலையில் அது லாக்டோஸின் வாசலான லாக்-ஒய் புரதத்தில் ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது. லாக்-ஒய்க்குப் பாஸ்பேட் தேவையில்லை. வெளியிலிருந்து உள்ளே பாயும் ஒரு புரோட்டானோடு ஒரு லாக்டோஸை இழுத்துக்கொள்ளும். ஆனால் வாசல் அடைபட்டிருந்தால் புரோட்டான் இருந்தும் பயனில்லை.

குளுக்கோஸ் தீர்ந்ததும் ஐஐஏயில் பாஸ்பேட் தங்குகிறது, லாக்-ஒய் விடுபடுகிறது. கூடவே சுழல் ஏஎம்பி என்னும் சைகை மூலக்கூறின் அளவு உயர்ந்து லாக்டோஸ் மரபணுக்கள் முழுவீச்சில் இயங்கத் தொடங்குகின்றன. புதிய புரதங்கள் உருவாகப் பிடிக்கும் நேரம்தான் நீங்கள் கண்ட தேக்கம்.

அடுத்த முறை, கலங்கல் அளவு நிற்கும் நிமிடத்தில் சிறிது ஊடகத்தை எடுத்து, செல்களை வடிகட்டி நீக்கிவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ச் சர்க்கரைப் பட்டையை நனைத்துப் பாருங்கள். பட்டையின் நிறம் மாறாவிட்டால், குளுக்கோஸ் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்று அறியலாம்.