காய்கறிப் பெட்டிக்கான வாரப் பதிவில் என்ன எழுதுவது?

இயற்கைக் காய்கறிப் பெட்டிச் சந்தா நடத்துகிறேன். வாரந்தோறும் பதிவு போட்டும் பலர் புதுப்பிப்பதில்லை. என்ன எழுதினால் தொடர்வார்கள்?

சந்தாவை நிறுத்துபவர்களில் பலருக்குக் காய்கறியின் தரத்தில் குறை இருக்காது. குளிர்பெட்டியின் அடித்தட்டில் அழுகிப்போன கீரையைக் குப்பையில் போடும்போது வரும் குற்றவுணர்வுதான் அவர்களை விரட்டுகிறது. ஆகவே, எதை முதலில் சமைப்பது என்பதைப் பதிவின் முதல் வரியிலேயே சொல்லுங்கள். பெட்டி போய்ச் சேருவதற்கு முந்தைய நாளே அது அவர்கள் கையில் இருக்க வேண்டும். பிறகு வந்தால் பயனில்லை.

இலையோடு பீட்ரூட் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்படி எழுதலாம்: "வந்தவுடன் இரண்டு விரற்கடைத் தண்டை விட்டு இலைகளை நறுக்கிவிடுங்கள். நறுக்காமல் விட்டால் இலை கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிவிடும். இலையை இரண்டு நாளுக்குள் வதக்கிவிடுங்கள். கிழங்கு குளிர்பெட்டியில் இரண்டு வாரம் தாங்கும்."

இலையில் பூச்சி அரித்த ஓட்டைகள் இருந்தால் அதையும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். பெட்டியைத் திறந்து அவர்களாகக் கண்டால் அது புகார். பண்ணை வரலாறு, இயற்கை வேளாண்மையின் பெருமை எல்லாம் ஒருமுறை போதும் (நானும் மாதக்கணக்கில் எழுதியவன்தான்).

எது பலித்தது என்பதைப் பாராட்டுகளை வைத்து எடைபோடாதீர்கள். "இந்த வாரம் எது மிஞ்சியது?" என்று கேளுங்கள். ஒரே காய் இரண்டு வாரம் தொடர்ந்து மிஞ்சினால் அதன் அளவைக் குறையுங்கள். பதிவால் அதைச் சரிசெய்ய முடியாது.