தங்கை வீட்டுக்காரருக்குக் கடன் நூல்

கேள்வி: திருப்பூரில் நூல் வியாபாரம் செய்கிறேன். தங்கை கணவரின் பனியன் கம்பெனிக்கு ஒரு மாதக் கெடுவில் நூல் தருகிறேன். 15 நாளைக்கு ஒரு தடவை ஒன்றரை லட்சத்துக்கு எடுப்பார். எடுக்கும்போதெல்லாம் ஐம்பதாயிரம் தந்துவிடுவார். 9 லோடு போயிருக்கிறது, பாக்கி 9 லட்சம். சரக்கை நிறுத்தினால் தங்கை வாழ்க்கை என்ன ஆகும்?

பதில்: அந்த ஐம்பதாயிரம்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. அது பழைய பாக்கிக்கு வந்த பணமா? சரக்கு வேண்டாத நாளில் ஒரு ரூபாயாவது வந்ததா? ஒன்றரை லட்சம் நூலை ஐம்பதாயிரத்துக்கு எடுத்துப் போகிறார். ஒவ்வொரு லோடிலும் ஒரு லட்சம் உங்கள் தலையில் ஏறுகிறது.

வந்த பணத்தை எந்த பில்லுக்கு என்று குறிக்காமல் டாலியில் `On Account` என்று வரவு வைத்திருப்பீர்கள். அதனால் மாதாமாதம் பணம் வருவது மட்டும் கண்ணில் படும், பில்லின் வயது தெரியாது. நாலரை லட்சத்தையும் பழைய பில்லிலிருந்து கழித்துப் பாருங்கள். முதல் மூன்று பில்தான் தீரும். நாலாவது பில், ஒன்பதாவது லோடு போன அன்றைக்கே 75 நாள் பழையது. உங்கள் கெடு 30 நாள்!

மாதம் 3 லட்சத்துக்கு எடுப்பவருக்கு, 30 நாள் கெடு என்றால், மூன்றரை லட்சத்துக்கு மேல் லிமிட் எதற்கு? அதை வைத்திருந்தால் நாலாவது லோடிலேயே நின்றிருக்கும். அப்போது கேட்டிருந்தால் சங்கடம் சின்னது.

இனி லிமிட்டை ஆர்டர் எடுக்கும்போதே பாருங்கள். மூட்டையை டெம்போவில் ஏற்றிய பிறகு இறக்கச் சொல்ல உங்களுக்கு மனசு வராது. பில் போடாமல் சலானில் போன சரக்கு, வரப்போகும் ஆர்டர் இரண்டையும் பாக்கியோடு கூட்டுங்கள். செக் தந்தாலும் பாஸ் ஆகும்வரை கழிக்காதீர்கள். பாக்கி லிமிட்டுக்குள் இருந்தாலும், ஒரு பில் கெடு தாண்டியிருந்தால் ஆர்டர் நிற்க வேண்டும்.

அவருக்கு இன்று முதல் கடன் கிடையாது. புது லோடுக்கு முழுப் பணம் முதலில். அதோடு நாலாவது பில்லில் தொடங்கி, பில் நம்பர் எழுதி, லோடுக்கு முக்கால் லட்சம் பழைய பாக்கி. தவறாமல் வந்தால் 12 லோடில், ஆறு மாதத்தில், கணக்கு தீரும். முரண்டு பிடித்தால் ஒன்று சொல்லுங்கள்: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால், அந்த பில்லுக்கு அவர் எடுத்த ஜிஎஸ்டி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். அவருடைய ஆடிட்டரும் இதையே சொல்வார்.

தங்கைக்கு அண்ணன் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. செய்யுங்கள், அவள் கையில் கொடுங்கள். அவள் பேரைச் சொல்லி மாப்பிள்ளையின் கம்பெனிக்கு 9 லட்சம் விட்டிருக்கிறீர்கள். அந்தப் பணத்தில் உங்கள் மனைவி மக்களுக்கும் பங்கு உண்டு, அவர்களிடம் கேட்டீர்களா? பாக்கி விவரத்தை இந்த வாரமே தங்கையும் இருக்கும்போது, பில் பில்லாகக் காட்டிப் பேசுங்கள்.